மெனோபாஸ், ஹார்மோன் மாத்திரை, மறதி நோய்: எந்த வயதில் எந்த முடிவு?

ஒரே கேள்வியை மூன்று பெண்கள் கேட்கிறார்கள். ஒருவருக்கு வயது 41; கர்ப்பப்பைக் கட்டிக்காக ஆபரேஷன் செய்தபோது இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். இன்னொருவருக்கு 52, இரவில் மூன்று முறை வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருகிறார். மூன்றாமவருக்கு 67, அம்மாவுக்கு மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் வந்து, பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனதைக் கூட இருந்து பார்த்தவர். மூவரும் கேட்பது இதுதான்: "ஹார்மோன் எடுத்துக்கொண்டால் மறதி நோய் வராதாமே? இல்லை, எடுத்தால்தான் வருமாமே?"

இரண்டு பேச்சுக்கும் ஆராய்ச்சியில் ஆதாரம் காட்ட முடியும். அதனால்தான் குழப்பம். மூன்று பெண்களையும் ஒரே கூடையில் போட்டுப் பதில் தேடினால் குழப்பம் தீராது. பிரித்துப் பார்த்தால் பதில்கள் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது, ஈஸ்ட்ரோஜன் எந்த வயதில் நின்றது, தானாக நின்றதா, கத்தியால் நின்றதா என்பது. இயற்கையான மெனோபாஸில் சுரப்பு சில ஆண்டுகளாக ஏறி இறங்கி ஓயும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் சில நாட்களிலேயே அடிமட்டத்துக்கு விழும்.

இரண்டாவது, நின்றதற்கும் ஹார்மோன் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. இரண்டு ஆண்டா, இருபது ஆண்டா?

மூன்றாவது, கர்ப்பப்பை இருக்கிறதா என்பது. இருந்தால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தரக்கூடாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோயாக மாறலாம் என்பதால் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர வேண்டும். கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை.

நான்காவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. சொல்லப்படும் முடிவு எந்த மாதிரி ஆய்விலிருந்து வந்தது? சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த சோதனையா, அல்லது தாமாகவே மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பதிவேட்டில் ஒப்பிட்டதா? இந்தத் துறையில் இந்த வித்தியாசம் ஒருமுறை எல்லோரையும் தலைகுப்புறத் தள்ளியிருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

## 2003-இல் கவிழ்ந்த நம்பிக்கை

1990-களில் வந்த கவனிப்பு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு மறதி நோய் குறைவு என்றன. 2001-இல் அவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது ஆபத்து சுமார் 34 சதவீதம் குறைவு என்று வந்தது. மூளையில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருப்பதும் தெரிந்திருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது.

அமெரிக்காவின் விம்ஸ் சோதனை அதை உடைத்தது. 65 முதல் 79 வயது வரையிலான 4,532 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராமும், புரோஜெஸ்ட்ரோன் வகையான மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் 2.5 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மாத்திரை. மறு பிரிவுக்குப் போலி மாத்திரை. சுமார் நான்கு ஆண்டுகளில் மருந்துப் பிரிவில் 40 பேருக்கும் போலிப் பிரிவில் 21 பேருக்கும் மறதி நோய் வந்தது. "இரட்டிப்பு ஆபத்து" என்று உலகமெங்கும் செய்தியானது இந்த எண்தான்.

அது எவ்வளவு பெரியது என்று போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 பெண்களில் 22 பேருக்கு வருவது 45 பேருக்கு வந்தது. 1,000 பெண்கள் நான்கு ஆண்டு எடுத்தால் 9 பேருக்குப் பதில் 18 பேர். மீதி 982 பேருக்கு வரவில்லை. ஆனால் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்தால் ஒன்பது பேர் கூடுகிறார்கள் என்றால், அந்த வயதில் அந்த நோக்கத்துக்காக அதைக் கொடுக்க நியாயமே இல்லை. மொத்தம் 61 நோயாளிகள்தான் என்பதால் கணிப்பின் அகலமும் பெரிது: உண்மையான ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் இருக்கலாம், மூன்றரை மடங்காகவும் இருக்கலாம்.

கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 2,947 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இணைச் சோதனையின் முடிவு 2004-இல் வந்தது: மருந்துப் பிரிவில் 28 பேர், போலிப் பிரிவில் 19 பேர். கூடுதல்தான், ஆனால் தற்செயலாகவும் அமையக்கூடிய அளவு.

பழைய ஆய்வுகள் தவறியது எங்கே? அன்று ஹார்மோன் கேட்டு வாங்கிய பெண்கள் பொதுவாகப் படித்தவர்கள், வசதியானவர்கள், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் குறைவாக உள்ளவர்கள். அவர்களுக்கு மறதி நோய் எப்படியும் குறைவாகவே வந்திருக்கும். அந்தப் பெருமை மாத்திரைக்குப் போய்விட்டது.

அதே சமயம் விம்ஸில் இருந்தவர்கள் மெனோபாஸ் முடிந்து பத்து, இருபது ஆண்டு ஆனவர்கள். 52 வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே ஒட்டவைத்ததுதான் அடுத்த இருபது ஆண்டுகளின் தவறு. பயந்து நிறுத்தியவர்களில் பலருக்கு நிறுத்தத் தேவையே இருந்திருக்காது.

## மெனோபாஸ் வந்த வயது எவ்வளவு முக்கியம்

மருந்தை ஒதுக்கிவிட்டு வயதை மட்டும் பார்த்தால் படம் ஓரளவு சீராக இருக்கிறது. 40-க்கு முன் மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் சற்று அதிகம் என்று பல நாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன. 40 முதல் 45 வரை நின்றவர்களுக்கு அந்தக் கூடுதல் சிறியது. 45-க்கு மேல் என்றால் 47-இல் நின்றதா 53-இல் நின்றதா என்பது ஒரு தனிப் பெண்ணின் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலைநாட்டுக் கட்டுரையில் "51 தான் சராசரி" என்று படித்துவிட்டு 47-இல் நின்றதை நோயாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. புகைபிடிப்பது மெனோபாஸை ஓரிரு ஆண்டு முன்னே இழுக்கும். அதுவே மூளை ரத்தக்குழாய்களையும் கெடுக்கும். வறுமையும் குறைந்த படிப்பும் இரண்டு பக்கமும் சேர்ந்தே நிற்கும். ஆகவே சீக்கிரம் நின்றதுதான் காரணம் என்று முழுப் பழியையும் சினைப்பை மேல் போட முடியாது.

ஆபரேஷனில் காரணம் இன்னும் வலுவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், மெனோபாஸுக்கு முன் சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். அறிவுத்திறன் குறைவோ மறதி நோயோ வரும் ஆபத்து அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எவ்வளவு இளம் வயதில் எடுத்தார்களோ அவ்வளவு அதிகம். ஆனால் எடுத்த பிறகு குறைந்தது 50 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. இது கவனிப்பு ஆய்வுதான். ஈஸ்ட்ரோஜன் எடுத்தோர் எண்ணிக்கையும் சிறியது. இருந்தாலும், சுரக்க வேண்டிய வயதில் சுரப்பு போனதுதான் பிரச்சினை, திருப்பிக் கொடுத்தால் சரியாகிறது என்ற விளக்கத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

## ஒரே பார்வையில்

| நிலை | மறதி நோயைப் பொறுத்து ஆய்வு சொல்வது | முடிவை எது தீர்மானிக்க வேண்டும் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| 45-க்கு முன் சினைப்பை போனது | எடுப்பது நல்லதாக இருக்கலாம். கெடுதல் தெரியவில்லை | எலும்பு, இதயம், மூளை மூன்றும் | எடுக்காமல் விட்டால்தான் விலை அதிகம் |
| 45–60, தொல்லை உண்டு | பெரிய நன்மையும் இல்லை, தீமையும் இல்லை | சூடு, வியர்வை, தூக்கம் | மார்பகம், ரத்த உறைவு. மருந்தைப் பொறுத்தது |
| 45–60, தொல்லை இல்லை | தடுக்கும் என்பதற்குச் சோதனை ஆதாரம் இல்லை | மூளைக்காக மட்டும் தொடங்க வேண்டாம் | ஆண்டுக்கணக்கில் மாத்திரை, பரிசோதனை |
| 65-க்கு மேல் புதிதாகத் தொடங்குவது | கூட்டு மாத்திரையால் ஆபத்து கூடும் | தொடங்க வேண்டாம் | பக்கவாதமும் சேரும் |
| பிறப்புறுப்பில் இடும் களிம்பு | ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை | வறட்சி, சிறுநீர்த் தொல்லை | மிகக் குறைவு |

## 45-க்கு முன் போனவர்கள்: எடுப்பதா, விடுவதா

ஹார்மோன் எடுக்க ஒரு காரணமாக மறதி நோயையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை இது ஒன்றுதான். தமிழ்நாட்டில் இதில் முதல் தடை மருந்தல்ல, தகவல். "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்று சொல்லும் பலருக்குச் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். "பி.எஸ்.ஓ." என்ற எழுத்துகள் இருந்தால் இரண்டு சினைப்பைகளும் இரண்டு கருக்குழாய்களும் போய்விட்டன என்று பொருள். "டி.ஏ.எச்." மட்டும் என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் பயாப்சி ரிப்போர்ட்டில் எந்தெந்த உறுப்பு ஆய்வகத்துக்குப் போனது என்று எழுதியிருக்கும், அது ஏமாற்றாது.

சினைப்பையை விட்டுவைத்திருந்தாலும் முழு நிம்மதி இல்லை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குச் சினைப்பை முன்கூட்டியே ஓய்வது, எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. மாதவிடாய்தான் ஏற்கெனவே நின்றுவிட்டதே, பிறகு எப்படித் தெரியும்? 38, 40 வயதில் உடம்பெல்லாம் திடீரெனச் சூடு பரவுவது, இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி வந்தால் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் எஃப்.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆபரேஷனே செய்யாத 40-க்குக் கீழ்ப்பட்ட பெண்ணுக்கு நான்கு மாதம் மாதவிடாய் வராமல், எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால் முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்று கொள்கிறார்கள்.

எடுப்பது என்று முடிவானால் அளவில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. 52 வயதுப் பெண்ணின் சூட்டைத் தணிக்கத் தினம் 1 மில்லிகிராம் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் போதலாம். 41 வயது உடம்பு இழந்ததை ஈடுகட்டப் பொதுவாக 2 மில்லிகிராம் மாத்திரை, அல்லது 100 மைக்ரோகிராம் தரும் ஒட்டுப்பட்டை தேவைப்படும். பட்டை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தோலில் தடவும் ஜெல் அதற்கு மாற்று.

இரண்டாவது தவறு, ஓராண்டிலேயே நிறுத்திவிடுவது. "குறைந்த அளவு, குறைந்த காலம்" என்ற அறிவுரை வழக்கமான வயதில் மெனோபாஸ் ஆனவர்களுக்காக எழுதப்பட்டது. இவர்கள் கூடுதலாக எதையும் எடுக்கவில்லை. உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியதைத்தான் எடுக்கிறார்கள். இயல்பான மெனோபாஸ் வயது வரும்வரை, அதாவது 50-ஐ ஒட்டி, தொடர்வதே சர்வதேச வழிகாட்டிகளின் பரிந்துரை.

எடுக்காமல் விடுவது எப்போது சரி? தனக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் பெரும்பாலும் விட வேண்டியதுதான்; புற்றுநோய் மருத்துவர் சொல்வதுதான் இறுதி. மார்பக, சினைப்பைப் புற்று ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் காரணமாக முன்னெச்சரிக்கையாகச் சினைப்பையை எடுத்து, ஆனால் மார்பகப் புற்று வராதவர்களுக்கு இயல்பு வயது வரை தரலாம் என்பதே இன்று பொதுவான நிலை. ரத்த உறைவு வந்த வரலாறு உள்ளவருக்கு மாத்திரை வேண்டாம்; தோல் வழியாகத் தரலாமா என்று நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சாரார், நாளை ஆபரேஷன் என்று காத்திருப்பவர்கள். கட்டிக்காகவோ அதிக உதிரப்போக்குக்காகவோ கர்ப்பப்பை எடுக்கும் 45 வயதுக்குட்பட்ட பெண், "அப்படியே சினைப்பையையும் எடுத்துவிடலாம், பின்னால் புற்றுநோய் பயம் இருக்காது" என்ற யோசனையைக் கேட்டால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: என் குடும்பத்தில் சினைப்பைப் புற்றோ மார்பகப் புற்றோ இருக்கிறதா? இல்லை என்றால், கருக்குழாயை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்று பேசலாம். சினைப்பைப் புற்றுகளில் கணிசமானவை கருக்குழாயின் நுனியில் தொடங்குகின்றன என்பது இப்போது தெரிந்த விஷயம்.

## 45 முதல் 60 வரை, தொல்லை உள்ளவர்கள்

இங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரியும்.

சோதனைகளை முதலில் பார்ப்போம். கீப்ஸ் என்ற அமெரிக்கச் சோதனையில் மெனோபாஸ் ஆகி மூன்றாண்டுக்குள் இருந்த சுமார் 700 பெண்களின் நினைவாற்றலை அளந்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு 50 மைக்ரோகிராம் பட்டை, மூன்றாம் பிரிவுக்குப் போலி. நான்காண்டு கழித்துப் பார்த்தால் நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. சுமார் பத்தாண்டு கழித்து அவர்களில் 275 பேரைத் திரும்ப அழைத்துச் சோதித்த முடிவு 2024-இல் வந்தது: அப்போதும் இல்லை, நன்மையும் தீமையும். 50 முதல் 55 வயதில் விம்ஸ் வகை மாத்திரை எடுத்தவர்களைச் சராசரியாக ஏழாண்டு கழித்துப் பார்த்த ஆய்வும் அதையே சொன்னது.

பதிவேட்டு ஆய்வுகள் வேறு சுருதியில் பாடுகின்றன. 2023-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மறதி நோய் 24 சதவீதம் அதிகம் என்றது. 55-க்குள் எடுத்தவர்களுக்கும் அப்படித்தான் என்றது. 2021-இல் பிரிட்டனில் 1,18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்தது, மொத்தத்தில் தொடர்பே இல்லை என்றது. கூட்டு மருந்தை ஐந்தாண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் மட்டும் அல்சைமர் சிறிதே கூடுதல்.

டென்மார்க் முடிவை நான் அப்படியே வாங்கிக்கொள்ளத் தயங்குகிறேன். ஓராண்டுக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கே 21 சதவீதம் கூடுதல் என்று அது காட்டுகிறது. 52 வயதில் சில மாதம் எடுத்த மாத்திரை, எத்தனையோ ஆண்டு கழித்து மூளையைக் கெடுக்கிறது என்பதைவிட, கடும் சூடும் தூக்கமின்மையும் உள்ள பெண்களே மருந்து கேட்கிறார்கள், அந்தத் தூக்கமின்மைக்குத்தான் மறதி நோயோடு தொடர்பு என்ற விளக்கம் எளிது. 1990-களில் படித்தவர்களின் நலம் மாத்திரைக்குப் பெருமை சேர்த்ததுபோல, இப்போது நோயுற்றவர்களின் தொல்லை அதற்குப் பழி சேர்க்கிறது. ஆனால் எடுத்த காலம் கூடக்கூட அதே ஆய்வில் ஆபத்தும் ஏறியதை மறைக்கவும் கூடாது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 50 வயதில் தொடங்கி மறதி நோயே வருகிறதா என்று பார்க்கும் சோதனை எதுவும் முடிந்ததில்லை. நோய் வரும் வயது 75, 80. 25 ஆண்டு யாரைப் போலி மாத்திரையில் வைத்திருப்பது? அதனால் நினைவாற்றல் தேர்வை வைத்தே ஊகிக்கிறோம்.

இனி ஒரு கணக்கு. 52 வயது, 50-இல் மாதவிடாய் நின்றது, கர்ப்பப்பை இருக்கிறது, பகலில் எட்டு முறை சூடு பரவுகிறது, இரவில் மூன்று முறை எழுகிறார். ரத்த அழுத்தம் 150/94. அம்மாவுக்கு 74 வயதில் மறதி நோய். என்ன செய்யலாம்?

அம்மாவின் நோய் இவருடைய ஆபத்தைக் கூட்டுகிறது. ஹார்மோன் அதைக் குறைக்கும் என்றோ கூட்டும் என்றோ சொல்ல ஆதாரம் இல்லை. ஆகவே அதைத் தராசிலிருந்து இறக்கிவிடுங்கள். மீதி இருப்பது சூடும் தூக்கமும். அதற்கு இருப்பதிலேயே வலுவான மருந்து ஈஸ்ட்ரோஜன்தான். மெனோபாஸ் ஆகி பத்தாண்டுக்குள், 60-க்குள் இருக்கிறார். மார்பகப் புற்று, ரத்த உறைவு, பக்கவாதம், மாரடைப்பு, காரணம் தெரியாத உதிரப்போக்கு, கல்லீரல் நோய் எதுவும் இல்லை என்றால் தரலாம்.

ரத்தக் கொதிப்பு இருப்பதால் மாத்திரையைவிட ஜெல்லோ பட்டையோ மேல். வயிற்றுவழி போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைத் தொட்டு ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கூட்டும், தோல்வழிப் போவது அப்படிச் செய்வதில்லை. கர்ப்பப்பைக்காகத் தினம் இரவு 100 மில்லிகிராம் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்ட்ரோன், அல்லது மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம். அது தூக்கம் வரவழைக்கும் என்பதால் படுக்கும் நேரத்தில் எடுப்பது இவருக்குக் கூடுதல் லாபம். தொடங்குமுன் மேமோகிராம், மூன்று மாதத்தில் மறுபார்வை, பிறகு ஆண்டுக்கொரு முறை. தொடர்ந்து எடுக்கும்போது முதல் சில மாதம் இலேசாக உதிரம் படுவது வழக்கம். ஆறு மாதம் தாண்டியும் பட்டால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

விலையும் தெரிய வேண்டும். 2002-இல் வந்த அமெரிக்கச் சோதனையில் கூட்டு மாத்திரையால் ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேருக்கு மார்பகப் புற்றும், 8 பேருக்குப் பக்கவாதமும் கூடின. 5 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. அவர்களின் சராசரி வயது 63. 52-இல் அடிப்படை ஆபத்தே குறைவு.

இந்தப் பெண்ணின் மூளைக்கு உண்மையில் பாடுபடப் போவது 150/94-ஐ இறக்கும் மாத்திரைதான். ஹார்மோனைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு ரத்த அழுத்த மாத்திரை எழுதாமல் அனுப்பினால், மறதி நோய் பயத்தோடு வந்தவருக்குத் தவறான சீட்டைக் கொடுத்தனுப்பியதாகும். அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் மைண்ட் சோதனையில் அழுத்தத்தை 140-க்குக் கீழ் வைப்பதற்குப் பதில் 120-க்குக் கீழ் வைக்க முயன்றபோது, மறதி நோய்க்கு முந்தைய லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைந்தது. ஹார்மோன் எதுவும் ஒரு சோதனையில் இதைச் செய்து காட்டியதில்லை.

ஹார்மோன் வேண்டாம் என்றால்? ஃபெசோலினிடன்ட், குறைந்த அளவு பாராக்சிடின், கபாபென்டின் போன்றவை உண்டு. இங்கே ஒரு மறைமுகப் பொறி: சூட்டுக்கும் அவசரச் சிறுநீருக்கும் ஆக்சிபியூட்டினின் எழுதப்படுவதுண்டு. மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் இந்த வகை மருந்துகளை நெடுங்காலம் எடுப்பதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் கவனிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. மூளைக்குப் பயந்து ஹார்மோனைத் தவிர்த்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைப்பது புத்திசாலித்தனமல்ல.

## தொல்லை இல்லை, மூளைக்காக மட்டும்

சுருக்கமாக: வேண்டாம். மெனோபாஸ் சொசைட்டி என்று பெயர் மாறிய வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும், மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் இதையே சொல்கின்றன. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஹார்மோன் மருந்துகளின் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்படும் கடும் எச்சரிக்கையிலிருந்து மறதி நோயை எடுப்பதாக அறிவித்தது. அதே அறிவிப்பில், சீக்கிரம் தொடங்கினால் அல்சைமர் 35 சதவீதம் குறையலாம் என்றும் சொல்லப்பட்டது. எச்சரிக்கையை இளையவர்களுக்கு எடுத்தது நியாயம். 35 சதவீதம் என்ற எண் சீட்டுக் குலுக்கிய சோதனை எதிலும் கண்டதல்ல. 2001-இல் பார்த்த அந்த 34-இன் வாடைதான் இதிலும் அடிக்கிறது.

48 வயதில் பேர் மறப்பதையும் அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பதையும் அல்சைமரின் தொடக்கம் என்று எண்ணி ஹார்மோன் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஸ்வான் ஆய்வில் மெனோபாஸை நெருங்கும் காலத்தில் பெண்களின் கற்கும் வேகம் தேங்கியது. முடிந்த பிறகு மீண்டது. மறந்த பேர் பிறகு ஞாபகம் வந்தால் பயமில்லை. வழக்கமான கடைக்குப் போகும் வழி தவறுவது, நாற்பதாண்டு செய்த சாம்பாரில் எதற்குப் பின் எது என்று தடுமாறுவது, ஒரே கேள்வியை அரைமணிக்குள் மறுபடி கேட்பது, அதைத் தன்னைவிட வீட்டார் முதலில் கவனிப்பது, இவை வேறு. அல்சைமர் என்று முடிவுகட்டுமுன் தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், குறட்டையோடு மூச்சடைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்; நம் ஊரில் இவற்றில் ஒன்று அகப்படுவது அபூர்வமல்ல.

## 65-க்கு மேல்

புதிதாகத் தொடங்க வேண்டாம். விம்ஸ் நேரடியாகப் பொருந்தும் வயது இதுதான். ஏன் கெடுத்தது என்று மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடி சிறு பக்கவாதத் தழும்புகள் கூடியிருக்கவில்லை. ஹிப்போகாம்பஸும் நெற்றிப்பகுதியும்தான் சற்றுச் சுருங்கியிருந்தன. 2023-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இதே திசையில் கை காட்டுகிறது: அல்சைமரோடு தொடர்புள்ள அமிலாய்டு புரதம் மூளையில் ஏற்கெனவே படிந்திருந்த பெண்களில், மெனோபாஸுக்கு ஐந்தாண்டுக்குப் பின் ஹார்மோன் தொடங்கியவர்களிடம் அந்நோயின் இன்னோர் அடையாளமான டௌ புரதம் அதிகம் இருந்தது. சிறிய ஆய்வு, மூளையில் நோய் குடியேறிய பிறகு வரும் ஈஸ்ட்ரோஜன் உதவாமல் போகலாம் என்ற ஊகத்துக்கு ஒரு தடயம், அவ்வளவே.

52-இல் தொடங்கி 65-ஐத் தொட்டவர் வேறு கதை. அவரை விம்ஸ் பெண்ணாக நினைத்து ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. அளவைப் பாதியாக்கி இரண்டு, மூன்று மாதம் பாருங்கள். சூடு திரும்பவில்லை என்றால் நிறுத்துங்கள். திரும்பினால் குறைந்த அளவில் தோல்வழித் தொடர்வதா என்று ரத்த அழுத்தம், சர்க்கரை, மேமோகிராம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசுங்கள்.

வறட்சிக்கும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. 84,000-க்கும் மேற்பட்ட அல்சைமர் நோயாளிகளை வைத்துச் செய்த 2019 பின்லாந்து ஆய்வு, உள்ளே எடுக்கும் ஹார்மோனில் சிறு கூடுதல் கண்டபோதும், இதில் காணவில்லை. மறதி நோய்க்குப் பயந்து இதை நிறுத்திவிட்டு மாதாமாதம் ஆன்டிபயாடிக் விழுங்கும் 70 வயதுப் பாட்டிகள் களிம்பைத் திரும்ப எடுக்கலாம். மார்பகப் புற்று வந்தவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு.

67 வயதில் அம்மாவின் நோயை நினைத்து வந்தவருக்கு எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது? காது கேட்கும் திறன் பரிசோதனை, கண்புரை பார்ப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்.டி.எல். கொழுப்பு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதி நோயைக் குறைக்க நாம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. இவையெல்லாம் அதில் இருக்கின்றன, ஹார்மோன் இல்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று வீட்டில் சொன்னால், காதிலிருந்து தொடங்குவது நல்லது.